33 கே.வி. சோலார் லைனுக்கு எந்த ரிலே? 210 ஆம்பியரை வைத்து ஒரு கணக்கு

ராதாபுரம், பணகுடி, வள்ளியூர் பக்கம் 33 கே.வி.யில் சோலார் பிளாண்ட் போடுகிறவர்களிடம் ரிலே செட்டிங் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டும். லைனில் ஃபால்ட் வந்தால் மின்வாரிய சப்-ஸ்டேஷன் பக்கத்து பிரேக்கர் டக்கென்று விழுந்துவிடுகிறது, ஆனால் பிளாண்ட் பக்கத்து ஓவர்கரண்ட் ரிலே அசையவே இல்லை. ரிலே பழுதா, சி.டி. தவறா, வயரிங் மாறிவிட்டதா என்று தேடுவார்கள். எதுவும் பழுதில்லை. ரிலே தன் செட்டிங்குக்கு ஏற்பத்தான் நின்றது, ஏனென்றால் அதைத் தொடும் அளவுக்குக் கரண்ட் வரவே இல்லை.

இந்த நிலையில் என்னென்ன வழி இருக்கிறது, எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. எல்லா வழியையும் ஒரே பிளாண்டின் மேல் போட்டுப் பார்க்கலாம், அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

முதலில் ஏன் கரண்ட் வருவதில்லை என்பது. நம் பக்கத்தில் பாதுகாப்பு வேலை பார்க்கிறவர்களில் பலர் காற்றாலையில் கற்றவர்கள். முப்பந்தல், கயத்தாறு பக்கத்துப் பழைய காற்றாலைகளில் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் நேராகக் கிரிட்டோடு கட்டப்பட்டிருக்கும். ஃபால்ட் விழுந்ததும் அதன் உள்ளே இருக்கும் காந்தப்புலம் வற்றுகிற வரை சில சைக்கிளுக்கு முழு லோடு கரண்டைப் போல் ஐந்தாறு மடங்கு தள்ளும், பிறகு தானாகத் தேய்ந்துபோகும். அதனால் 'ஜெனரேட்டர் என்றால் ஃபால்டில் பல மடங்கு வரும்' என்பது மனதில் ஊறிய கணக்கு. இன்வெர்ட்டர் அப்படியில்லை. அதற்குள் சுழல்கிற இரும்பும் இல்லை, சேமித்த காந்தப்புலமும் இல்லை. ஐ.ஜி.பி.டி. ஸ்விட்ச் கருகிவிடக் கூடாது என்பதற்காகக் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் சில மில்லி செகண்டுக்குள் கரண்டைப் பிடித்து நிறுத்திவிடும், பெரும்பாலான மாடல்களில் முழு லோடைப் போல் 1.1 முதல் 1.2 மடங்குக்குள். மதகைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர் அணை கொண்ட மட்டும் பாயும்; வாய்க்கால் கரையில் வைத்த பம்ப்செட் குழாயை எவ்வளவு அகலமாக வெட்டிவிட்டாலும் மோட்டார் தள்ளுகிற அளவைத்தான் தள்ளும். இன்வெர்ட்டர் அந்த பம்ப்செட்.

புதிய காற்றாலைகளிலும் முழு கன்வெர்ட்டர் வழியாகக் கிரிட்டுக்கு வருகிற வகைக்கு இதே கதைதான். ரோட்டர் பக்கம் மட்டும் கன்வெர்ட்டர் வைத்த வகை இரண்டுக்கும் நடுவே: முதல் சில சைக்கிள் பெரிதாக இருக்கும், அப்புறம் கன்ட்ரோல் பிடித்துக்கொள்ளும். அதை இங்கே விடுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 10 மெகாவாட் பிளாண்ட். இன்வெர்ட்டர்களின் மொத்தத் திறன் 10 எம்.வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். 33 கே.வி.யில் முழு லோடு கரண்ட் 175 ஆம்பியர். 1.2 மடங்கு போட்டால் இந்தப் பிளாண்ட் எந்த ஃபால்டுக்கும் தரக்கூடிய அதிகபட்சம் 210 ஆம்பியர். பிளாண்டிலிருந்து 8 கிலோமீட்டர் தனி லைன், மறுமுனையில் 110/33 கே.வி. சப்-ஸ்டேஷன், அதில் 25 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 10 சதவீதம். 110 கே.வி. பக்கத்து ஃபால்ட் லெவலை 2,000 எம்.வி.ஏ. என்று எடுத்தால் சப்-ஸ்டேஷன் 33 கே.வி. பஸ்ஸில் மூன்று ஃபேஸ் ஃபால்ட் கரண்ட் சுமார் 3,900 ஆம்பியர். லைனுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் 0.27 ஓம், ரியாக்டன்ஸ் 0.36 ஓம் வைத்தால் முழு லைனும் சேர்த்து 3.6 ஓம், பிளாண்ட் வாசலில் ஃபால்ட் வந்தால் கிரிட் பக்கத்திலிருந்து சுமார் 2,400 ஆம்பியர் வரும்.

இப்போது பிளாண்ட் பக்கத்து ரிலே. சி.டி. 200/1. வழக்கம்போல் முழு லோடுக்கு 25 சதவீதம் மேலே, 220 ஆம்பியரில் பிக்கப். பிளாண்டுக்குள்ளே ஃபால்ட் வந்தால் கிரிட்டிலிருந்து 2,400 பாயும், பிக்கப்பைப் போல் 11 மடங்கு. சாதாரண இன்வர்ஸ் வளைவில், டைம் மல்டிப்ளையர் 0.1 வைத்தால், 0.29 செகண்டில் விழுந்துவிடும். அந்தத் திசைக்கு இந்த ரிலே அருமை, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் லைனில் ஃபால்ட் என்றால் இந்த ரிலே வழியாகப் போவது பிளாண்டின் 210 மட்டும். பிக்கப் 220. விடிய விடியக் காத்திருந்தாலும் விழாது.

ஆனி, ஆடிக் காற்றில் கம்பியும் கம்பியும் உரசினாலும் சரி, பனை மட்டை பறந்து வந்து விழுந்தாலும் சரி, நடப்பது ஒன்றுதான். சப்-ஸ்டேஷன் முனை 0.3 செகண்டில் திறக்கும். மறுமுனையில் இன்வெர்ட்டர் 210 ஆம்பியரை அந்தத் தீப்பொறிக்குள் ஊட்டிக்கொண்டே இருக்கும். அரை செகண்டில் ஆட்டோ ரீக்ளோஸ் ஆகிறது என்றால், அணையாத ஃபால்டின் மேலேயே ஆகும். இல்லையென்றால் ஃபேஸ் விலகிப்போன இன்வெர்ட்டர் வோல்டேஜின் மேல் ஆகும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் அதன் பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஆள் நிற்கலாம். சப்-ஸ்டேஷனில் இருப்பவருக்கு லைன் டெட், களத்தில் கிடக்கிற கம்பிக்கு இல்லை.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. இன்வெர்ட்டருக்குள்ளேயே ஆன்டி-ஐலண்டிங் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும், ஆனால் அதன் சோதனைத் தரம் அனுமதிக்கிற நேரம் 2 செகண்ட் வரை. ரீக்ளோஸுக்கு அது மிக நீண்ட காலம். அதோடு, கிரிட்டில் வோல்டேஜ் சரிந்தால் பிளாண்ட் உடனே ஓடிவிடக் கூடாது என்று மத்திய மின் ஆணையத்தின் கிரிட் இணைப்பு விதியே சொல்கிறது: 33 கே.வி.யிலும் அதற்கு மேலும் இணைகிற சோலாரும் காற்றாலையும் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 0.3 செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும், அங்கிருந்து 85 சதவீதத்துக்கு 3 செகண்ட் வரை ஏறுகிற ஒரு சாய்வுக் கோட்டுக்கு மேலே வோல்டேஜ் இருக்கும் வரை கூடவே நிற்க வேண்டும். ஆக ஒரு பக்கம் 'நில்' என்கிற விதி, இன்னொரு பக்கம் 'போ' என்கிற பாதுகாப்பு. கீழே வருகிற ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டுக்கும் நடுவே வைத்துத்தான் எடை போட வேண்டும். எதுவும் செய்யாமல் இன்வெர்ட்டரை மட்டும் நம்புவதும் ஒரு வழி என்று யாராவது சொன்னால், ரீக்ளோஸ் இல்லாத சிறிய 11 கே.வி. இணைப்புக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்; இந்தப் பிளாண்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இந்தக் கணக்கைப் பார்த்ததும் கேட்டான், "அண்ணாச்சி, பிக்கப்பைக் கீழே இறக்கிட்டா வேலை முடிஞ்சுதுல்லா?" எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், செலவே இல்லாத வழியும் அதுதான். ஆனால் எவ்வளவு இறக்குவது? 210 ஆம்பியரை உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்றால் பிக்கப்பைப் போல் ஒன்றரை மடங்காவது ஃபால்ட் கரண்ட் இருக்க வேண்டும், அதாவது பிக்கப் 140 ஆம்பியர். பிளாண்டோ தெளிந்த வானத்தில் பன்னிரண்டு மணிக்கு 175 ஆம்பியர் தள்ளுகிறது. தினமும் மத்தியானம் டிரிப் ஆகும். சரி, லோடுக்குக் கொஞ்சம் மேலே 190 வைப்போம் என்றால், 210 என்பது 190-ஐப் போல் 1.1 மடங்கு. இந்த வளைவில் போட்டுப் பாருங்கள்:

```
t = TMS × 0.14 / ((I/Is)^0.02 − 1)
TMS = 0.1, I/Is = 1.1  →  t ≈ 7.3 s
```

ஏழு செகண்ட். அதற்குள் இன்வெர்ட்டரே தன் பாதுகாப்பில் நின்றிருக்கும், ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய டிஸ்க் ரிலே என்றால் 1.3 மடங்குக்குக் கீழே சுற்றும் என்று நம்பவே முடியாது. கிரிட் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்து அதே மெகாவாட்டைத் தள்ளினால் லோடு கரண்டே 184-க்குப் போகும், சி.டி. பிழை தனி. லோடுக்கும் ஃபால்டுக்கும் இடையே இருக்கிற இடைவெளியே 35 ஆம்பியர்தான், அதற்குள் கரண்டை மட்டும் பார்க்கிற எந்த ரிலேயையும் உட்கார வைக்க முடியாது. டைம் மல்டிப்ளையரைக் குறைத்தால் ஆகாதா என்றால், வேகம் கூடும், பிக்கப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

அடுத்தது டைரக்‌ஷனல் ஓவர்கரண்ட், ரிலே திரையில் 67. இதைப் பெரிய மருந்தாகப் பலர் சொல்வார்கள். பாதி உண்மை. கிரிட்டிலிருந்து பிளாண்டை நோக்கி வருகிற திசையில் லோடே கிடையாது, ராத்திரி துணைச் சாதனங்கள் இழுக்கிற சில ஆம்பியர் தவிர. ஆகவே அந்தத் திசையில் 40 ஆம்பியர் அளவுக்குக்கூட உணர்திறனை ஏற்றலாம் (காலையில் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் சப்ளை கொடுக்கும்போது வருகிற இன்ரஷ்ஷுக்கு இரண்டாம் ஹார்மோனிக் பிளாக் போட்டுவிட வேண்டும்). நம்முடைய பிரச்சினையோ மற்ற திசை. பிளாண்டிலிருந்து லைனுக்குப் போகிற திசையில் நல்ல கரண்டும் ஃபால்ட் கரண்டும் ஒரே பக்கம்தான் ஓடுகின்றன. திசை தெரிந்து என்ன பயன்?

கோணம் வேறாக இருக்குமே என்பார்கள். இருக்கும்: நல்ல நேரத்தில் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்தே ஓடும், ஃபால்டில் இன்வெர்ட்டர் ரியாக்டிவ் கரண்டுக்கு முன்னுரிமை கொடுக்கும். ஆனால் அந்தக் கோணத்தை லைனின் இம்பீடன்ஸ் தீர்மானிக்கவில்லை, இன்வெர்ட்டர் கம்பெனியின் சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. ஃபர்ம்வேர் மாறினால் கோணமும் மாறலாம். அதன் மேல் ஒரு பாதுகாப்பைக் கட்ட எனக்கு மனம் வருவதில்லை. 67-ஐ வையுங்கள், பிளாண்டுக்குள் வருகிற ஃபால்டுக்காக. லைனுக்காக அதை மட்டும் வாங்காதீர்கள்.

டிஸ்டன்ஸ் ரிலே பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் ஏலத்தில் அதையும் எழுதிவிடுகிறார்கள். லைன் நடுவில் ஒரு ஓம் தீப்பொறி ரெசிஸ்டன்ஸோடு ஃபால்ட் என்று வையுங்கள். கிரிட் பக்கம் சுமார் 3,000 ஆம்பியர் அந்த ஒரு ஓமில் பாய்கிறது, பிளாண்ட் பக்கம் 210. பிளாண்ட் முனை ரிலே வோல்டேஜைத் தன்னுடைய 210-ஆல் வகுக்கும், ஆகவே அந்த ஒரு ஓம் அதற்குச் சுமார் 15 ஓமாகத் தெரியும். முழு லைனே 3.6 ஓம். ஃபால்ட் எங்கோ நான்கு லைன் தாண்டி இருக்கிறது என்று முடிவுகட்டிவிடும். கிரிட் முனை திறந்த பிறகுதான் கண் தெளியும்.

இனி நான் உண்மையிலேயே ஒப்பிட விரும்புகிற இரண்டு வழிகள். ஒன்று, வோல்டேஜையும் சேர்த்துப் பார்க்கிற ஓவர்கரண்ட், 51V. இன்னொன்று, இரண்டு முனையையும் ஃபைபரால் கட்டிவிடுகிற லைன் டிஃபரன்ஷியல், 87L.

51V-யின் யோசனை எளிது. கரண்ட் ஃபால்டைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் வோல்டேஜ் காட்டிக்கொடுக்கிறது. இன்வெர்ட்டர் 210 ஆம்பியருக்கு மேல் தராது, ஆகவே லைன் கடைசியில் மூன்று ஃபேஸும் ஒட்டினால் பிளாண்ட் வாசலில் நிற்கிற வோல்டேஜ் 210 × 3.6, சுமார் 750 வோல்ட். ஃபேஸ் வோல்டேஜ் 19,000. நான்கு சதவீதம்! கரண்டை இறுக்கிப் பிடிப்பதால்தான் வோல்டேஜ் இவ்வளவு தரைமட்டமாகிறது. ஒரு பக்கம் மறைந்தது இன்னொரு பக்கம் பளிச்சென்று வெளியே வருகிறது. தீப்பொறியின் வோல்டேஜைச் சேர்த்தாலும், காற்று அதை ரொம்ப நீட்டிவிடாத வரை, 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

ஆக, வோல்டேஜ் நன்றாக இருக்கும் வரை பிக்கப் 220, வோல்டேஜ் சரிந்துவிட்டால் பிக்கப் 80 என்று ரிலேயிடம் சொல்லிவிடலாம். 80-க்கு 210 என்பது 2.6 மடங்கு, தாராளம். மத்தியானம் 175 லோடு ஓடினாலும் வோல்டேஜ் சரியாக இருப்பதால் வீண் டிரிப் இல்லை.

எந்த வோல்டேஜுக்குக் கீழே, எவ்வளவு நேரம் என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. பழைய ஜெனரேட்டர் புத்தகப் பழக்கத்தில் 70 அல்லது 80 சதவீதம் என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பக்கத்து ஃபீடரில் ஃபால்ட் வந்து பஸ் வோல்டேஜ் 50 சதவீதத்துக்கு விழும்போதும் இந்த ரிலே எழுந்துவிடும், ஏனென்றால் அப்போதும் இன்வெர்ட்டர் 1.2 மடங்கு தள்ளும். கிரிட் விதியின் சாய்வுக் கோட்டில் 50 சதவீத வோல்டேஜுக்கு 1.65 செகண்ட் நிற்க வேண்டும். 0.6 செகண்டில் டிரிப் செய்தால் விதி மீறல், பக்கத்து ஃபீடர் தவறுக்கு நம் 10 மெகாவாட் போனது மிச்சம்.

அதே கோட்டைத் திருப்பிப் படியுங்கள். 0.6 செகண்ட் முடியும்போது கோடு நிற்கிற இடம் 22.8 சதவீதம். எனவே வோல்டேஜ் 22 சதவீதத்துக்குக் கீழே, கரண்ட் 80-க்கு மேலே, இரண்டும் சேர்ந்து 0.6 செகண்ட் நீடித்தால் டிரிப் என்று வைத்தால் விதி கேட்கிற எந்த இடத்திலும் நாம் விலகுவதில்லை. பக்கத்து ஃபீடரில் மூன்று கிலோமீட்டரில் விழுகிற மூன்று ஃபேஸ் ஃபால்டும் பஸ்ஸைச் சுமார் 22 சதவீதத்துக்குத்தான் இறக்கும், அது 0.3 செகண்டில் கிளியர் ஆகிவிடும், 0.6 வரை காத்திருப்பதால் நாம் அசைய மாட்டோம். நம் லைன் ஃபால்டுக்கோ 4 முதல் 10 சதவீதம், நன்றாக உள்ளே. சில ரிலேயில் 51V-யின் வோல்டேஜ் எல்லை இவ்வளவு கீழே இறங்காது. அப்போது லாஜிக் பக்கத்தில் அண்டர்வோல்டேஜ் 27-ஐயும் ஓவர்கரண்ட் 50-ஐயும் AND போட்டு டைமர் வைத்தால் போதும். ஃபேஸ்-ஃபேஸ் வோல்டேஜ் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சராசரி எடுத்தால் இரண்டு கம்பி உரசுகிற ஃபால்ட் அதில் ஒளிந்துகொள்ளும்.

51V சறுக்குகிற இடம் பி.டி. ஃபியூஸ். உச்சி வெயிலில் இரண்டு ஃபியூஸ் போனால் அந்த ஜோடியில் ரிலேக்கு வோல்டேஜ் இல்லை, கரண்ட் 175, பிக்கப் 80: டிரிப். இதைத் தடுக்க பெரும்பாலான நியூமெரிக்கல் ரிலேயிலும் ஃபியூஸ் ஃபெயில் லாஜிக் உண்டு. அது என்ன பார்க்கிறது? நெகட்டிவ் சீக்வென்ஸ் வோல்டேஜ் இருக்கிறது, நெகட்டிவ் சீக்வென்ஸ் கரண்ட் இல்லை என்றால் ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்று முடிவுசெய்து 51V-யைப் பூட்டிவிடும். சுழலும் ஜெனரேட்டருக்கு இது சரி. இன்வெர்ட்டரோ பெரும்பாலும் மூன்று ஃபேஸிலும் சமமான கரண்டையே தள்ளப் பார்க்கும், நெகட்டிவ் சீக்வென்ஸை அமுக்கிவிடும். ஆக நிஜமாகவே இரண்டு கம்பி ஒட்டியிருக்கும்போது வோல்டேஜ் கோணியிருக்கும், கரண்ட் சமமாக இருக்கும், ரிலே அதை ஃபியூஸ் என்று நினைத்து, வேலை செய்ய வேண்டிய அந்த நேரத்திலேயே தன்னைப் பூட்டிக்கொள்ளும். இதைச் செட்டிங் ஷீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டில்தான் தெரியும்: ஃபால்ட் ஆன மறு சைக்கிளில் ஃபியூஸ் ஃபெயில் பிட் எழுந்திருக்கும். தப்பிக்க எளிய வழி, பி.டி. செகண்டரியில் ஃபியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. வைத்து, அதன் ஆக்ஸிலரி கான்டாக்டைக் கொண்டு 51V-யைப் பூட்டுவது; சீக்வென்ஸ் லாஜிக்கை அலாரத்துக்கு மட்டும் விட்டுவிடலாம். இந்த அமுக்கும் குணத்தால்தான் நெகட்டிவ் சீக்வென்ஸ் ஓவர்கரண்டையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் IEEE 2800 தரம் 2022-இல் வந்தபோது இன்வெர்ட்டர் நெகட்டிவ் சீக்வென்ஸ் கரண்டும் தர வேண்டும் என்று எழுதியது. உங்கள் இன்வெர்ட்டர் அப்படிச் செய்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கினால் பேசலாம்.

இன்னொரு சங்கதி. சில இன்வெர்ட்டர்கள் வோல்டேஜ் மிகக் கீழே போனால் கரண்டைச் சுத்தமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் லைன் ஃபால்ட் வந்தபோது சுமார் 1,200 மெகாவாட் சோலார் போனது, விசாரணையில் இந்தக் குணம் பேசப்பட்டது. இப்படிப்பட்ட இன்வெர்ட்டர் என்றால் 51V எழாது, ஆனால் தீப்பொறிக்கு ஊட்டமும் இல்லை, அது அணையும். கிரிட் திரும்பியதும் பிரேக்கர் மூடியபடியே இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

87L-க்கு வருவோம். இதில் பிளாண்ட் முனை ரிலே தன் 210 ஆம்பியரை மட்டும் நம்பி நிற்பதில்லை. மறுமுனை ரிலே தன் கரண்டை ஃபைபரில் அனுப்புகிறது, இரண்டும் கூட்டிப் பார்க்கப்படுகின்றன. நல்ல நேரத்தில் இங்கே போவது அங்கே வருகிறது, கூட்டினால் பூஜ்யம். லைனில் ஃபால்ட் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே பாய்கிறது, கூட்டுத்தொகை இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேலே. பிக்கப்பை 60 ஆம்பியரில் வைக்கலாம், லோடு எவ்வளவு என்கிற பேச்சே இல்லை. கிரிட்டின் பலத்தால் பிளாண்ட் பிரேக்கருக்கு டிரிப் போகிறது, அதுவும் இரண்டு மூன்று சைக்கிளுக்குள். வோல்டேஜ் தேவையில்லை, பி.டி. ஃபியூஸ் கவலை இல்லை, இன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஃபர்ம்வேர் மாறினாலும் பாதிப்பில்லை. பக்கத்து ஃபீடர் ஃபால்டுக்கு அது எழவே எழாது, ஆகவே கிரிட் விதியோடும் மோதல் இல்லை.

விலை எங்கே என்றால், இரண்டு முனையிலும் ஒரே வகை ரிலே வேண்டும், சப்-ஸ்டேஷன் பேனலில் மின்வாரியம் அதற்கு இடம் தர வேண்டும், 8 கிலோமீட்டருக்கு ஃபைபர் வேண்டும். லைன் புதிதாகப் போடும்போதே மேலே போகிற எர்த் கம்பியை உள்ளே ஃபைபர் வைத்த ஓ.பி.ஜி.டபிள்யூ. ஆக இழுத்துவிட்டால் கூடுதல் செலவு பெரிதாகத் தெரியாது. லைன் சார்ஜ் ஆன பிறகு ஞாபகம் வந்தால் ஷட்-டவுன், ஆள், கம்பி என்று பல மடங்கு ஆகும். ஆகவே இந்த முடிவை ரிலே வாங்கும்போது எடுப்பது தாமதம், கம்பம் நடும்போதே எடுக்க வேண்டும். ஃபைபர் இருந்துவிட்டால் அதே சேனலில் டைரக்ட் டிரான்ஸ்ஃபர் டிரிப்பும் ஓட்டலாம்: சப்-ஸ்டேஷன் பிரேக்கர் எதற்காகத் திறந்தாலும், பஸ் ஃபால்டாக இருந்தாலும், பிளாண்ட் பிரேக்கரும் உடனே திறக்கும். 87L வாங்க முடியாத இடத்தில் இந்த டிரான்ஸ்ஃபர் டிரிப் மட்டும் இருந்தால்கூடப் பெரும்பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஃபைபர். அது அறுந்தால் சத்தமில்லாமல் பாதுகாப்பு போய்விடும், அதனால் சேனல் அலாரம் ஸ்காடாவில் வந்தே ஆக வேண்டும், அந்த நேரத்துக்கு 51V பின்னால் நிற்க வேண்டும்.

எர்த் ஃபால்டைத் தனியாக வைத்தேன், ஏனென்றால் அதற்கு இன்வெர்ட்டரைவிட டிரான்ஸ்ஃபார்மர்தான் பதில் சொல்கிறது. இந்தப் பிளாண்டில் டிரான்ஸ்ஃபார்மரின் 33 கே.வி. பக்கம் டெல்டா. சப்-ஸ்டேஷன் திறந்த மறு நிமிடம் லைனுக்கு எர்த்தே இல்லை. ஒரு கம்பி தரையைத் தொட்டாலும் எர்த் கரண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் ஓடாது, எந்த எர்த் ஃபால்ட் ரிலேயும் அசையாது. மாறாக நல்ல இரண்டு கம்பிகளும் எர்த்துக்கு 19 கே.வி.யிலிருந்து 33 கே.வி.க்கு ஏறும், அந்த லைனில் இருக்கிற 30 கே.வி. அரெஸ்டர்கள் நீண்ட நேரம் தாங்காது. இதற்கு மருந்து ஓப்பன் டெல்டா பி.டி.யும், அதில் ஏறுகிற நியூட்ரல் வோல்டேஜைப் பார்க்கிற 59N-உம், 87L வைத்தாலும் இதைப் பின்னணியாக வைக்க வேண்டும். சாத்தான்குளம், குட்டம் பக்கத்துத் தேரி மணலில் அறுந்து விழுந்த கம்பிக்கு கிரிட் பக்கத்து எர்த் ஃபால்ட் ரிலேயே தடுமாறும், அது இன்வெர்ட்டர் சம்பந்தமில்லாத பழைய வியாதி, இந்த ரிலேக்களில் எதுவும் அதைத் தீர்க்காது.

என் முடிவு இதுதான். புதிய தனி லைன், 5 மெகாவாட்டுக்கு மேலே, கம்பம் இன்னும் நடவில்லை என்றால் 87L, அதோடு டிரான்ஸ்ஃபர் டிரிப், பின்னால் 22 சதவீதம் 0.6 செகண்ட் 51V, கூடவே 59N. லைன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபைபருக்கு வழியில்லை என்றால் 51V-யை முன்னால் கொண்டுவாருங்கள், ஆனால் அதோடு சப்-ஸ்டேஷன் முனையில் லைன் பக்கம் ஒரு பி.டி. போட்டு லைன் உயிரோடு இருந்தால் ரீக்ளோஸ் ஆகாதபடி பூட்டச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் ரீக்ளோஸ் இடைவெளியை 0.6 செகண்டுக்கும் பிரேக்கர் நேரத்துக்கும் மேலே, குறைந்தது ஒன்றரை செகண்டாக ஏற்றச் சொல்லுங்கள். பல பிளாண்ட் தொங்குகிற பொது ஃபீடர் என்றால் 87L கை கொடுக்காது, 51V-யும் டிரான்ஸ்ஃபர் டிரிப்பும்தான்.

கமிஷனிங் நாளில் செகண்டரி இன்ஜெக்‌ஷன் செய்பவர் வழக்கம்போல் 5 ஆம்பியர், 10 ஆம்பியர் ஏற்றி 'ரிலே ஓகே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவரை நிறுத்தி 1.05 ஆம்பியர் ஏற்றச் சொல்லுங்கள், அதுதான் 200/1 சி.டி.யில் 210. வோல்டேஜ் முழுதாக இருக்கும்போது ரிலே எழக் கூடாது. வோல்டேஜை 63.5-இலிருந்து 6 வோல்டுக்கு இறக்கினால் 0.6 செகண்டில் விழ வேண்டும். அப்புறம் மூன்று கரண்டையும் சமமாக வைத்துக்கொண்டு இரண்டு ஃபேஸ் வோல்டேஜை மட்டும், அவற்றுக்கு இடையே 10 வோல்டுக்கு மேல் இல்லாதபடி, ஒன்றாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் விழ வேண்டும். விழாமல் ஃபியூஸ் ஃபெயில் விளக்கு எரிந்தால் லாஜிக்கைத் திருத்தாமல் லைனைச் சார்ஜ் செய்ய விடாதீர்கள்.